ஆல்கஹாலுக்குக் காத்திருந்த மஞ்சள்: பிலிரூபினின் இரு முகங்களும் காமாலையின் வரலாறும்

மஞ்சள் காமாலைக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட எவருடைய அறிக்கையிலும் மூன்று வரிகள் இருக்கும்: மொத்த பிலிரூபின், நேரடி பிலிரூபின், மறைமுக பிலிரூபின். நிறம் ஒன்றே, நிறமியும் ஒன்றே. ஆயினும் அதற்கு ‘நேரடி’, ‘மறைமுகம்’ என்னும் இரு பெயர்கள் வழங்குகின்றன. நோயையோ உறுப்பையோ இப்பெயர்கள் குறிப்பதில்லை. சோதனைக் குழாயில் ஆல்கஹால் ஊற்ற வேண்டியிருந்ததா இல்லையா என்பதை மட்டுமே குறிக்கின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட ஆய்வகச் செய்முறை இன்றும் நோயறிதலின் சொல்வழக்காக நிலைத்திருப்பது எதனால் என்பதை அறிய, ஹீம் என்னும் மூலக்கூறு உருவாகி அழியும் கதை முழுவதையும் தொடர வேண்டும்.

காமாலையின் மஞ்சளுக்கும் குருதியின் சிவப்புக்கும் உறவுண்டு என்ற ஐயத்தை 1847-இலேயே ருடால்ஃப் ஃபிர்ஷோ எழுப்பினார். உடலுக்குள் பழைய இரத்தக்கசிவு உறைந்து கிடந்த இடங்களில் அவர் மஞ்சள்-செம்மை நிறப் படிகங்களைக் கண்டு, அவற்றுக்கு ஹீமட்டாய்டின் என்று பெயரிட்டார். பித்தநீரின் நிறமியோடு அவை கொண்டிருந்த ஒற்றுமை அவர் கண்ணில் பட்டது. கல்லீரலின் தொடர்பே இல்லாத இடத்தில் குருதியிலிருந்து பித்த நிறமி தோன்றக்கூடும் என்பதே அதன் பொருள். இந்த நிறமியை அளக்கும் வழி பின்னரே வந்தது. 1883-இல் பால் எர்லிக், சல்ஃபானிலிக் அமிலத்தையும் நைட்ரஸ் அமிலத்தையும் சேர்த்துச் செய்த டைஅசோ வினைப்பொருள் பிலிரூபினோடு கூடிச் செந்நிறமோ ஊதாவோ தருவதைக் காட்டினார்.

நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணியாற்றிய ஹைமான்ஸ் வான் டென் பெர்க் இவ்வினையைக் குருதிக்குப் பொருத்தினார். சீரத்தோடு முதலில் ஆல்கஹாலைச் சேர்த்துப் புரதங்களைப் படியவைத்து, தெளிந்த நீர்மத்தில் எர்லிக்கின் வினைப்பொருளை விடுவது 1913-இல் அவரும் ஸ்னாப்பரும் கையாண்ட முறை. 1916-இல் அவரும் மியூலரும் ஒரு விந்தையைக் கவனித்தனர். பித்தநீரும், பித்தக்குழாய் அடைபட்ட நோயாளிகளின் சீரமும் ஆல்கஹால் சேர்க்காமலேயே உடனே சிவந்தன. செவ்வணுக்கள் மிகுதியாகச் சிதையும் நோயாளிகளின் சீரமோ ஆல்கஹால் சேரும்வரை நிறம் மாறாமல் நின்றது. முன்னது நேரடி வினை எனவும் பின்னது மறைமுக வினை எனவும் பெயர் பெற்றன.

மருத்துவர்களுக்கு இந்த வேறுபாடு உடனடியாகப் பயன்பட்டது. நேரடி வினை தருவோர்க்குச் சிறுநீர் கருமஞ்சளாக இருக்கும். அடைப்பு முழுமையாயின் மலம் களிமண் போல் வெளிறும். மறைமுக வினை தருவோரின் கண் வெண்படலம் மஞ்சளித்திருந்தாலும் சிறுநீரில் பிலிரூபின் இராது. மலத்தின் நிறமோ அடர்ந்திருக்கும். ஆனால் வேதியியலாளர்க்கு இது நாற்பது ஆண்டுக்காலப் புதிராயிற்று. நிறமி ஒன்றே என்றால் நடத்தை இரண்டானது எப்படி? ஒன்று புரதத்தோடு ஒட்டியிருக்கிறது, மற்றது விடுபட்டிருக்கிறது என்று சிலர் கருதினர். கல்லீரல் அணு வழியே கடந்து வந்ததும் வராததுமே வேறுபாடு என்றனர் வேறு சிலர். இரண்டாம் கருத்தில் உண்மை இருந்தது. ஆனால் கல்லீரல் அந்த நிறமியை என்ன செய்தது என்பதை எவராலும் சொல்ல இயலவில்லை.

இதற்கிடையில் நிறமியின் பிறப்பிடம் பற்றிய வினாவுக்கு வேறொரு திசையிலிருந்து விடை வந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின், நைட்ரஜன்-15 என்னும் கனமான ஐசோடோப்பால் குறியிட்ட கிளைசினைத் தாமே உட்கொண்டார். மணிக்கு ஒரு கிராம் வீதம் 66 மணி நேரம். பின்னர்த் தம் குருதியைத் தொடர்ந்து எடுத்து, அதன் ஹீமில் அந்தக் குறி எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார். 1946-இல் அவரும் டேவிட் ரிட்டன்பெர்க்கும் வெளியிட்ட முடிவுகள் இரண்டு செய்திகளைத் தந்தன.

ஹீமின் நைட்ரஜனுக்கு மூலம் கிளைசின் என்பது முதற்செய்தி. இதைத் தொடர்ந்து வாத்தின் குருதியைக் கொண்டு நடந்த ஆய்வுகள், ஹீமின் கட்டுமானத்தை அணு அணுவாகப் பிரித்துக் காட்டின. கிளைசினும், சிட்ரிக் அமிலச் சுழற்சியில் தோன்றும் சக்சினைல் கோ-ஏயும் இணைந்து, ஒரு கரியமில வாயு மூலக்கூறை இழந்து, டெல்டா அமினோலெவுலினிக் அமிலமாகின்றன. அவ்வமிலத்தின் இரு மூலக்கூறுகள் கூடி ஒரு பிரோல் வளையம் ஆகிறது. நான்கு பிரோல்கள் சேர்ந்து ஒரு பெருவளையம். அதன் நடுவில் இறுதியாக அமர்வது இரும்பு. எட்டுக் கிளைசின்கள் சேர்ந்தால் ஒரு ஹீம். அதன் 34 கார்பன்களில் 8 கிளைசினிலிருந்தும் எஞ்சிய 26 சக்சினைல் பகுதியிலிருந்தும் வருகின்றன.

இரண்டாம் செய்தி காமாலைக்கு நெருங்கியது. ஷெமினின் ஹீமில் ஏறிய குறி உடனே தேய்ந்துவிடவில்லை. அது முதல் சில வாரங்களில் உயர்ந்தது. பிறகு நெடுநாள் ஏறக்குறைய அதே அளவில் நின்றது. அதன் பின்னரே சரிந்தது. செவ்வணுக்கள் வயது வேறுபாடின்றிச் சிதைந்தால் சரிவு தொடக்கத்திலிருந்தே தென்பட்டிருக்கும். தட்டையாக நின்ற அந்தக் கோடு, செவ்வணு முதுமை அடைந்தே மடிகிறது என்பதைக் காட்டியது. கணக்கிடப்பட்ட சராசரி ஆயுள் 127 நாள்கள். இன்று பாடநூல்கள் 120 என்று எழுதுகின்றன.

இந்த ஆயுள் தெரிந்தால் நாள்தோறும் உருவாகும் பிலிரூபினை ஒரு தாளில் கணக்கிட்டுவிடலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் 5 லிட்டர் குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 15 கிராம் வீதம் 750 கிராம் ஹீமோகுளோபின் உள்ளது. 120 நாளில் அது முழுவதும் புதுப்பிக்கப்படுவதால் நாளொன்றுக்கு ஆறேகால் கிராம் அழிகிறது. ஒரு கிராம் ஹீமோகுளோபினிலிருந்து ஏறத்தாழ 35 மில்லிகிராம் பிலிரூபின் கிடைக்கும். ஆகவே நாளுக்கு 220 மில்லிகிராம். மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு முதிர்ந்த செவ்வணுக்களிலிருந்து வருவதில்லை. கல்லீரலின் சைட்டோகுரோம்கள் போன்ற பிற ஹீம் புரதங்களும், எலும்பு மச்சையிலேயே பயனின்றி அழியும் ஹீமும் அதற்கு மூலம். 1950-இல் இர்விங் லண்டனும் ஷெமின் குழுவினரும் குறியிட்ட கிளைசின் தந்த சில நாள்களுக்குள்ளேயே மலத்தின் ஸ்டெர்கோபிலினில் அக்குறியைக் கண்டதால் இது புலப்பட்டது. அப்பங்கையும் சேர்த்தால் நாளுக்கு 270 மில்லிகிராம் அளவில் வரும். நலமாக உள்ள ஒருவரின் கல்லீரல் இவ்வளவையும் வெளியேற்றி, குருதியில் 100 மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தங்கவிடுவதில்லை.

ஹீம் பிலிரூபினாக மாறும் படிகள் 1968-இல் தெளிவடைந்தன. டென்ஹூனென், மார்வர், ருடி ஷ்மிட் ஆகிய மூவரும் ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதியை விவரித்தனர். மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள விழுங்கணுக்களில் இந்நொதி ஹீமின் பெருவளையத்தை ஓரிடத்தில் மட்டும் வெட்டுகிறது. வளையம் திறந்து பச்சைநிற பிலிவெர்டின் ஆகிறது. இரும்பு விடுபட்டு மறுபயனுக்குச் செல்கிறது. வெட்டுண்ட இடத்திலிருந்த கார்பன், கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது. பின்னர் பிலிவெர்டின் ரிடக்டேஸ் என்ற மற்றொரு நொதி அந்தப் பச்சையை மஞ்சள் பிலிரூபினாக்குகிறது. அடிபட்ட தோலின் கருநீலம் சில நாளில் பச்சையாகிப் பின் மஞ்சளாவது இதே வரிசைதான். ஒரு ஹீமுக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு என்பதால், மூச்சில் வெளிவரும் அவ்வாயுவை அளந்தே உடலில் ஹீம் சிதையும் வேகத்தை மதிப்பிடவும் முடிகிறது.

இனி வான் டென் பெர்க்கின் புதிர். 1953-இல் லண்டனில் கோலும் லாத்தும் வண்ணப் பிரிகை முறையால் காமாலைச் சீரத்தின் நேரடி நிறமியையும் மறைமுக நிறமியையும் தனித்தனியே பிரித்தனர். அவை ஒரே பொருளின் இரு தோற்றங்கள் அல்ல, வெவ்வேறு சேர்மங்கள் என்பது உறுதியாயிற்று. 1956-ஐ ஒட்டி மூன்று இடங்களில் தனித்தனியே ஒரே விடை கிட்டியது: லண்டனில் பார்பரா பில்லிங்கும் லாத்தும், அமெரிக்காவில் ஷ்மிட், செக்கோஸ்லோவாக்கியாவில் டலஃபான்ட். நேரடி நிறமி என்பது குளுக்குரோனிக் அமிலம் இணைக்கப்பட்ட பிலிரூபின். மறைமுக நிறமி இணைப்புப் பெறாத பிலிரூபின். கல்லீரல் செய்த வேலை இந்த இணைப்பே. குளுக்குரோனிக் அமிலம் நீரை நாடும் சர்க்கரை அமிலம். அதைச் சுமந்த பிலிரூபின் நீரில் கரையும், பித்தநீரில் செல்லும், தேங்கினால் சிறுநீரக வடிகட்டி வழியே சிறுநீரிலும் வரும். இணைப்புப் பெறாதது அல்புமின் புரதத்தைப் பற்றிக்கொண்டே குருதியில் பயணம் செய்யும். அப்பெரும் புரதத்தோடு வடிகட்டியைக் கடக்க இயலாது. மறைமுகக் காமாலையில் சிறுநீரில் பிலிரூபின் இல்லாததற்குக் காரணம் இதுவே.

ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சியது. பிலிரூபினில் இரண்டு கார்பாக்சிலிக் அமிலக் குழுக்களும் நான்கு நைட்ரஜன்-ஹைட்ரஜன் முனைகளும் இரண்டு ஆக்சிஜன் முனைகளும் உள்ளன. இத்தனை நீர்நாட்டமுள்ள உறுப்புகளைக் கொண்ட மூலக்கூறு நீரில் நன்கு கரைந்திருக்க வேண்டும்; கரைவதில்லை. 1976-இல் போனெட்டும் உடனாய்வாளர்களும் எக்ஸ் கதிர் படிகவியலால் அதன் வடிவத்தைக் கண்டபோது காரணம் தெரிந்தது. பிலிரூபின் நீண்டு கிடக்கவில்லை. நடுவில் மடிந்து, கூரையின் முகட்டு ஓடு போல இருபுறமும் சரிந்திருந்தது. ஒரு பாதியின் அமிலக் குழு மறுபாதியின் நைட்ரஜன், ஆக்சிஜன் முனைகளோடு ஹைட்ரஜன் பிணைப்புகளால் கோத்துக்கொண்டிருந்தது. நீரைப் பற்ற வேண்டிய கைகள் யாவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. புறத்தே நின்றது கொழுப்பை நாடும் பரப்பு மட்டுமே.

குரோனிங்கனின் ஆல்கஹாலுக்கு இங்கே பொருள் கிடைக்கிறது. எர்லிக்கின் வினைப்பொருள் பிலிரூபினை அதன் நடுப்பாலத்தில் தாக்கி இரு பாதிகளாகப் பிளக்கிறது. மடிந்த மூலக்கூறில் அப்பாலம் உள்ளே மறைந்திருக்கிறது. ஆல்கஹால் உட்பிணைப்புகளைக் குலைத்து மூலக்கூறைத் திறந்துவிடுகிறது, வினை நிகழ்கிறது. கல்லீரல் அதே வேலையை நிலையாகச் செய்கிறது: அமிலக் குழுக்களின்மீது குளுக்குரோனிக் அமிலத்தை ஏற்றிவிட்டால் அவை மறுபாதியைப் பற்ற முடியாது. நேரடி நிறமி ஏற்கெனவே திறந்திருப்பதால் அதற்கு ஆல்கஹால் வேண்டியதில்லை.

இந்த இணைப்பைச் செய்யும் நொதி குளுக்குரோனைல் டிரான்ஸ்ஃபெரேஸ். அது இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதை 1952-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கிரிக்லரும் நஜ்ஜாரும் விவரித்த குழந்தைகள் காட்டினர். உறவுடைய குடும்பங்களில் பிறந்த அக்குழந்தைகளுக்குச் செவ்வணுச் சிதைவும் இல்லை, பித்தக்குழாய் அடைப்பும் இல்லை. ஆயினும் கடும் காமாலை நீடித்தது. அவர்களுள் பெரும்பாலோர் மூளையில் மஞ்சள் படிந்து இளமையிலேயே இறந்தனர். 1938-இல் கன் என்பவர் விவரித்த பிறவிக் காமாலை எலிகளிலும் இதே குறை இருப்பது 1950-களின் இறுதியில் மெய்ப்பிக்கப்பட்டது. கொழுப்பை நாடும் அதே மடிந்த வடிவம்தான் அல்புமினிலிருந்து விடுபட்ட பிலிரூபினை மூளைத் திசுவுக்குள் நுழையவிடுகிறது.

பிறந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் இக்குறையின் நிழலைச் சில நாள்கள் கடக்கின்றனர். மேற்கண்ட கணக்கை 3 கிலோ எடையுள்ள குழந்தைக்குப் போட்டுப் பார்க்கலாம். 250 மில்லிலிட்டர் குருதி, 100 மில்லிலிட்டருக்கு 17 கிராம் எனக் கொண்டால் ஏறத்தாழ 42 கிராம் ஹீமோகுளோபின். குழந்தையின் செவ்வணு ஆயுள் குறைவு. 80 நாள் என வைத்தால் நாளுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் அழிந்து, பிற மூலங்களையும் சேர்த்து 25 மில்லிகிராம் அளவு பிலிரூபின் உருவாகும். கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல். பெரியவர்க்கு இது 4 மட்டுமே. உற்பத்தி இருமடங்கு. அதேவேளை, நிறைமாதக் குழந்தையிலும் இணைப்பு நொதியின் திறன் பெரியவரின் அளவில் நூற்றில் ஒரு பங்கு அளவே. போதாக்குறைக்கு, குடலுக்குச் சென்ற நேரடி நிறமியின் இணைப்பை அங்குள்ள மற்றொரு நொதி அறுத்துவிடுவதால் ஒரு பகுதி மீண்டும் குருதிக்கே திரும்புகிறது. மூன்றாம் நான்காம் நாளில் குழந்தை மஞ்சளிப்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் காமாலை இக்கணக்கில் அடங்காது. அங்கே செவ்வணுச் சிதைவைத் தேட வேண்டும்.

1956-இல், இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்ட ரோச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளை வெயிலில் காட்டிவந்த செவிலித் தலைவி வார்டு, ஒரு குழந்தையின் உடல் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த முக்கோணப் பகுதி மட்டும் மஞ்சளாக இருப்பதை மருத்துவர்களுக்குக் காட்டினார். அதே மருத்துவமனையில் வெயில்பட்ட குருதிக் குழாயில் பிலிரூபின் அளவு குறைந்திருந்ததும் கவனத்துக்கு வந்தது. கிரெமர், பெர்ரிமன், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1958-இல் நீல ஒளியால் பிலிரூபினைக் குறைக்கும் கருவியை அறிவித்தனர். காரணம் அப்போது அவர்களுக்குத் தெரியாது. நீல ஒளி பிலிரூபினின் இரட்டைப் பிணைப்பு ஒன்றைச் சுற்றில் திருப்பிவிடுகிறது என்பது பின்னர் அறியப்பட்டது. திரும்பிய பாதி தன் எதிர்ப்பாதியைப் பற்ற முடியாமல் விலகுகிறது, மடிப்பு அவிழ்கிறது, நொதியின் உதவியின்றியே நிறமி பித்தநீருக்குள் செல்கிறது. ஆல்கஹால், குளுக்குரோனிக் அமிலம், நீல ஒளி ஆகிய மூன்றும் ஒரே பூட்டை மூன்று வழிகளில் திறக்கின்றன.

இதே 1956-இல் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு செய்தி, எண்ணை மட்டும் நம்புவதன் எல்லையைக் காட்டியது. வில்லியம் சில்வர்மனும் உடனாய்வாளர்களும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்றுத் தடுப்பாகத் தரப்பட்ட இரு மருந்து முறைகளை ஒப்பிட்டனர். சல்ஃபிசாக்சசோல் அடங்கிய முறையைப் பெற்ற குழந்தைகள் மிகுதியாக இறந்தனர். அவர்களின் மூளையில் பிலிரூபின் படிந்திருந்தது. குருதியில் பிலிரூபின் அளவோ அவர்களிடம் குறைவாக இருந்தது. அம்மருந்து அல்புமினில் பிலிரூபினின் இடத்தைப் பறித்துக்கொண்டது. இடமிழந்த நிறமி குருதியை விட்டு மூளைக்குச் சென்றது. குருதியின் அளவு குறைந்ததே தீங்கின் அடையாளமாயிற்று.

பெரியவர்களின் காமாலையிலும் அறிக்கையின் வரிகளை இத்தகைய கவனத்தோடு படிக்க வேண்டும். செவ்வணுச் சிதைவு மட்டுமே காரணமாயின், நலமான கல்லீரல் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். பிலிரூபின் பொதுவாக 100 மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. தாண்டினால் கல்லீரலிலோ பித்தக்குழாயிலோ மற்றொரு தடையும் இருக்கக்கூடும். கல்லீரல் அழற்சியில் நேரடி நிறமி உயர்வது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். நோயுற்ற அணு இணைப்பைச் செய்ய முடியாமல் திணற வேண்டாமா? உண்மையில் முதலில் தளர்வது இணைக்கும் திறன் அன்று, இணைத்ததைப் பித்தநீருக்குள் தள்ளும் திறன். ஆகவே இணைந்த நிறமியே குருதிக்குத் திரும்பி வழிகிறது. அது நெடுநாள் தேங்கினால் ஒரு பகுதி அல்புமினோடு பிரியாத பிணைப்பில் ஒட்டிவிடும். அல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். எனவே அடைப்பு நீங்கிச் சிறுநீர் தெளிந்த பின்னும் ‘நேரடி’ அளவு பல நாள் உயர்ந்தே நிற்கும். அது தோல்வியின் அறிகுறி அன்று. சோதனைக் குழாயில் ஆல்கஹாலின்றிச் சிவப்பது எதுவோ, அதையே ‘நேரடி’ என்னும் சொல் இன்றும் குறிக்கிறது. குளுக்குரோனிக் அமிலம் இணைந்த நிறமியை மட்டும் அது குறிப்பதில்லை.